அறுபத்தொன்றும் சரி

என் மனைவிக்கு எங்கள் தெருவில் மனிதர்கள் கிடையாது, கதவு எண்கள்தான். "பதினாலு இன்னைக்கு முகம் குடுத்தே பேசல" என்பாள். "முப்பத்தாறுக்குப் பேத்தி பிறந்திருக்காம், போய்ப் பாக்கணும்" என்பாள். கல்யாணமாகி இருபத்துமூன்று வருடம் ஆகிறது. என்றைக்காவது ஒருநாள் என்னையும் "இருபத்திரண்டு, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுவிடுவாளோ என்ற பயம் எனக்கு உண்டு.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் பெயரை எழுதி, எண் போட்ட சீட்டைக் குழாயில் ஒட்டுவது அவள் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனதில்லை. அதில் அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை. "நீங்கதான் இன்னாரான்னு கேக்கவே கூடாதுங்க. காய்ச்சல்ல வர்றவங்க எதுக்கும் தலையாட்டுவாங்க. உங்க பேர் என்னன்னு கேட்டு, அவங்க வாயால சொல்ல வைக்கணும்" என்று என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். என் கடைக்கு வரும் மோட்டார்களிடம் பெயர் கேட்க முடியாது என்பதால் அந்தப் பாடம் எனக்குப் பயன்படவில்லை.

இப்படிப்பட்டவளை விடுவார்களா? எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் நேரில் வந்து, சங்கத்தின் செல்போன் குரூப்பை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். வீடுகள் அறுபத்தொன்று. குரூப்பில் இருந்த எண்களோ தொண்ணூற்றுநாலு. காலி செய்துபோன குடித்தனக்காரர்கள், மனை விற்கும் புரோக்கர் ஒருவர், என்றோ தண்ணீர் கேன் போட்டவர் எல்லாரும் இருந்தார்கள். ஐம்பத்திரண்டாம் வீட்டில் விவாகரத்தாகிப் போன மாப்பிள்ளைகூட உள்ளேயே உட்கார்ந்து, தண்ணீர் வரும் நேரத்தைத் தவறாமல் தெரிந்துகொண்டிருந்தார்.

மூன்று வாரத்தில் வெளுத்து வாங்கிவிட்டாள். ஒரு வீட்டுக்கு ஒரு எண், அவ்வளவுதான். கோடு போட்ட நோட்டில் கதவு எண், பெயர், செல் எண். அதே வரிசையில் தன் போனிலும் '1', '2' என்று கதவு எண்ணை முன்னால் வைத்துச் சேமித்தாள். காலி செய்கிறவர்களை "இதுவரை இருந்ததற்கு நன்றி" என்று தனியாக ஒரு செய்தி அனுப்பிவிட்டு நீக்கினாள். புதிதாக வருகிறவர்களிடம் சாமான் இறங்கும்போதே போய் நின்றாள். தெருவில் அவளுக்கு 'லிஸ்ட் மேடம்' என்று பெயர் விழுந்தது. அவள் அதை வசவாக எடுத்துக்கொள்ளவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு என்று ஒன்றும் வைத்தாள். முதல் வருடம், "அனைவரும் தங்கள் கதவு எண்ணைப் பதிவிடவும்" என்று போட்டாள். பதினெட்டுப் பேர் ஒழுங்காகப் போட்டார்கள். மற்றவர்கள் ரோஜாப்பூ போட்டார்கள், நன்றி சொன்னார்கள். ஒருவர் தன் ஸ்கூட்டர் எண்ணைப் போட்டார். இன்னொருவர் கதவையே படம் எடுத்துப் போட்டார், அதில் எண் தெரியவில்லை. ஐந்து நாள் வீட்டில் சரியாகச் சமையல் நடக்கவில்லை. பொறுக்க முடியாமல் நான்தான் வாயைக் கொடுத்தேன். "இருக்கறவங்க எல்லாரும் கட்டைவிரல் போடுங்கன்னு சொல்லிடேன். எத்தனை விரல்னு எண்ணினா முடிஞ்சு போச்சு." அடுத்த வருடத்திலிருந்து அப்படித்தான். அறுபத்தொன்று விரல் வந்தது, அறுபத்தொன்று டிக் விழுந்தது, எனக்கும் நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்தது. பின்னால் வந்த வினைக்கெல்லாம் வித்திட்ட புண்ணியவான் நான்தான்.

குரூப்பில் அறிவிப்பு மட்டும்தான் போடலாம் என்பது அவள் சட்டம். நாற்பத்தொன்றாம் வீட்டு மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் தனி ஆள். தினமும் காலை ஐந்தேகாலுக்குச் சூரியன் படம் ஒன்றைப் போட்டு, கீழே உடற்பயிற்சி அறிவுரை எழுதுவார். என் மனைவி குரூப்பிலேயே கண்டித்தாள். அவர் குரூப்பிலேயே திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரம் காரசாரமாகப் போனது. அப்புறம் திடீரென்று படங்கள் நின்றுவிட்டன. "பாத்தீங்களா, நாப்பத்தொண்ணு திருந்திடுச்சு" என்றாள். தெருவில் பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். திருந்தியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இப்படி ஒரு பதினோரு மாதம் ஓடியது. அப்போதுதான் கேமரா விவகாரம் வந்தது.

எங்கள் தெரு முனையில் ஒரு கேட். அதற்கு ஒரு வாட்ச்மேன், ஆறு வருடமாக இருக்கிறார். வண்டி வந்தால் விசில், குழந்தை ரோட்டுக்கு ஓடினால் விசில், பால்காரருக்கு வணக்கமும் விசிலிலேயே. அதனால் எல்லாருக்கும் அவர் 'விசில்'. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை அறைதான் அவர் வீடு. வயது அறுபதைத் தொடப்போகிறது, மனைவியும் கூட இருக்கிறார். இந்த வேலை போனால் அவர்களுக்கு வருமானமும் போகும், கூரையும் போகும்.

ஒன்பதாம் வீட்டுக் கான்ட்ராக்டர், ஆளை நிறுத்திவிட்டுத் தானாகத் திறக்கும் கேட்டும் நாலு கேமராவும் வைக்கலாம் என்று ஆரம்பித்தார். பேச்சு முற்றி, குரூப்பிலேயே ஓட்டெடுப்பு வைப்பது என்று முடிவானது. வீட்டுக்கு ஒரு ஓட்டு. என் மனைவி கேமராவுக்குப் போட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். "மனுசனைத் தூக்கி வெளிய போடறதுக்கா ஓட்டுப் போட்டே?" என்றேன்.

"அவர் எழுதற விசிட்டர் நோட்டப் பாத்திருக்கீங்களா? 'நீலச் சட்டை வந்தார், போனார்.' இதை வெச்சுக்கிட்டு யாரைக் கண்டுபிடிக்கறது? கேமராவுல நேரம், தேதி எல்லாம் இருக்கும்."

"இந்த வீட்டுல நானும் ஒருத்தன் இருக்கேன்."

"இருங்க, யார் வேண்டாம்னா? லிஸ்ட்டுல என் நம்பர்தானே இருக்கு."

புதன்கிழமை சாயங்காலம் முடிவு வந்தது. வாட்ச்மேன் இருக்கட்டும் என்று முப்பத்தொன்று, கேமரா என்று முப்பது. ஒரே ஒரு ஓட்டு. நான் கேட்டுக்குப் போய் விசிலிடம் சொன்னேன். மனிதர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

கான்ட்ராக்டருக்குத் தூக்கம் வருமா? யார் யார் எதற்குப் போட்டார்கள் என்பதுதான் குரூப்பில் பெயரோடு தெரியுமே. ஒவ்வொன்றாகப் பார்த்தவர், மாஸ்டர் பெயரில் வந்து நின்றார். மாஸ்டரும் அவரும் தினம் சேர்ந்து நடக்கிறவர்கள். வியாழக்கிழமை காலை நடையிலேயே, "கூடவே நடந்துட்டு இப்படிக் காலை வாரிட்டீங்களே" என்று பிடித்துக்கொண்டார். மாஸ்டர் நின்று, "என்ன ஓட்டு? என்னை உங்க குரூப்பை விட்டுத் துரத்திப் பதினோரு மாசம் ஆச்சு" என்றாராம்.

அவ்வளவுதான். சாயங்காலம் கான்ட்ராக்டர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மேடம், உங்க லிஸ்ட்டுல பேய் ஓட்டுப் போடுது!"

என் மனைவி நோட்டைக் கொண்டுவந்தாள். அறுபத்தொரு வீடு. குரூப்பில் அறுபத்தொரு எண். எல்லாவற்றிலும் டிக். நாற்பத்தொன்றுக்கும் டிக். போனிலும் அந்த எண் '41 மாஸ்டர்' என்றுதான் காட்டியது. "கணக்கு சரியா இருக்கே, கணக்கு சரியா இருக்கே" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு அந்த எண்ணுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"யாருங்க? முடி வெட்டணும்னா நேர்ல வாங்க, போன்ல எல்லாம் இடம் பிடிக்க முடியாது" என்றது ஒரு குரல். பின்னால் கத்தரிச் சத்தம்.

அவள் யாரென்று சொன்னாள். அந்தப் பக்கம் கத்தரிச் சத்தம் நின்றது. பிறகு ஒரே சந்தோஷக் கூச்சல். "ஐயோ, லிஸ்ட் மேடமா! டேய், விசிறியை நிறுத்துங்கடா, லிஸ்ட் மேடம் பேசறாங்க!"

அவர் எங்கோ வேறு ஊரில் சலூன் வைத்திருக்கிறவர். எட்டு மாதத்துக்கு முன்னால் புது சிம் வாங்கியிருக்கிறார். யாரும் பயன்படுத்தாமல் கிடந்த மாஸ்டரின் பழைய எண்ணைத்தான் கம்பெனி அவருக்குக் கொடுத்திருக்கிறது.

"போனைத் தொறந்ததும் ஆறு குரூப்பு தானா வந்து நின்னுச்சுங்க. அஞ்சுலருந்து வெளிய வந்துட்டேன். உங்களதுலருந்தும் வரத்தான் பாத்தேன். அன்னைக்குன்னு பாத்துப் பதினேழாம் வீட்டு நாய் காணாமப் போச்சு. கெடைச்சுதான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போவோம்னு இருந்தேன்."

"நாய்தான் மூணாம் நாளே கெடைச்சிடுச்சே!"

"ஆமாங்க. அதுக்குள்ள உங்க தண்ணித் தொட்டி உடைஞ்சிடுச்சு."

என் மனைவிக்குக் குரல் உயர்ந்தது. "சரிபார்ப்புல ஏங்க கட்டைவிரல் போட்டீங்க?"

"இருக்கறவங்க போடுங்கன்னு எழுதியிருந்தீங்க. நான் இருந்தேன்ல?"

என் மனைவி நோட்டில் நாற்பத்தொன்றுக்கு நேரே இருந்த டிக்கைப் பார்த்தாள்.

"ஓட்டு?" என்றாள், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"அதை நான் மட்டும் முடிவு பண்ணலீங்க. கடையில உங்க தெரு சமாச்சாரத்தைத் தினம் படிப்பேன், எல்லாருக்கும் அத்துப்படி. கேட்டேன். பன்னெண்டு பேரு. ரெண்டு பேரு பாதி ஷேவிங்குல கையைத் தூக்கிட்டாங்க. நாயைத் தேடிக் கொண்டாந்தது விசிலு. தொட்டி உடைஞ்சப்ப வால்வை மூடினது விசிலு. கேமரா வந்து வால்வை மூடுமாங்க?"

"உங்கள நீக்கணும்" என்றாள்.

"தெரியுதுங்க. முடிவு என்னாச்சுன்னு மட்டும் எனக்குத் தனியா ஒரு மெசேஜ் போட்டுடுங்க. கடையில கேப்பாங்க."

அவரை நீக்கினாள். வழக்கமான 'இதுவரை இருந்ததற்கு நன்றி'யை அனுப்பலாமா கூடாதா என்று ரொம்ப நேரம் யோசித்து, அனுப்பினாள். இப்போது கணக்கு முப்பதுக்கு முப்பது. மாஸ்டர் வீட்டு ஓட்டு பாக்கி. கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே போனார். மாஸ்டர் எந்தப் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, தினம் கூட நடக்கிற ஆளாயிற்றே.

என் மனைவி நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். "பேரைக் கேக்காம டிக் போட்டிருக்கேன். அங்க லேப்ல இப்படிச் செஞ்சிருந்தா யாரோ ஒருத்தருக்கு வேற யாரோட மருந்தையோ குடுத்திருப்பாங்க" என்றாள். நான் கட்டைவிரல் யோசனையைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவளும் நல்லவேளையாக நினைவுபடுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். கிரில்லைத் திறக்காமலேயே நின்றார்.

"என்ன, நீக்கினவங்களே வந்திருக்கீங்க?"

"நான் நீக்கல சார். உங்க நம்பர் மாறினது எனக்குத் தெரியாது."

விஷயம் இதுதான். போன் ஒரு வாளித் தண்ணீரில் விழுந்து, சிம்மும் போய்விட்டது. சிம் வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயரில் இருந்ததால் அதே எண் திரும்பக் கிடைக்கவில்லை. புது எண் வாங்கிப் போட்டுப் பார்த்தால் குரூப் இல்லை. புது எண்ணில் குரூப் எப்படி வரும்? ஆனால் சண்டை போட்ட வாரமாக இருந்ததால், துரத்திவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

"கேட்டிருக்கலாமே சார்" என்றாள்.

"நானா வந்து கேக்கறதா? பதினோரு மாசம். சத்தத்தைக் காணோமேன்னு ஒருத்தர் கேக்கல."

"அறுபத்தொண்ணு சரியா இருந்துச்சு சார். அதான்..."

எனக்குப் பாவமாக இருந்தது. அதனால் நான் பேச்சை மாற்றினேன். "தண்ணி வராத நாள், கரண்ட் போற நாளுக்கெல்லாம் என்ன பண்ணீங்க சார்?"

"அதெல்லாம் தவறாம வந்துடும். விசில் வந்து சொல்லிட்டுப் போவான்."

என் மனைவி நிமிர்ந்தாள். "அவருக்கு எப்படித் தெரியும்?"

"தொட்டி கழுவின அன்னைக்கு எல்லார் வீட்டுலயும் முன்னாடியே வாளி ரொப்பி வெச்சிருந்தாங்க. நான் மட்டும் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுக் குழாயைத் தட்டிக்கிட்டு நின்னேன். அவன் பாத்தான். ரெண்டு குடம் தண்ணி கொண்டாந்து வெச்சான். 'சாருக்கு மெசேஜ் வர்றதில்ல போலிருக்கே'ன்னான். யார்கிட்டயும் சொல்லாதடான்னேன், எனக்கு ரோஷம். அன்னையிலருந்து தினம் சாயங்காலம் வந்து நாளைக்கு என்னன்னு வாயால சொல்லிட்டுப் போறான். கேட்டுல நின்னா எல்லாம் காதுல விழுமாம்."

கிரில்லைத் திறந்தார். உட்கார வைத்தார். புது எண்ணைத் தந்தார். என் மனைவி "உங்க பேர் சார்? கதவு எண்?" என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். அங்கேயே குரூப்பில் சேர்த்தாள். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணையும் காணோமே? ஓட்டு எங்க?"

"புதுசா சேர்றவங்களுக்குப் பழசு தெரியாது சார். ஞாயித்துக்கிழமை மறுபடியும் முதல்லருந்து ஓட்டு வைக்கறேன்."

சனிக்கிழமை முழுக்க அவள் அறுபது பேருக்கும் தானே போன் செய்தாள். "உங்க பேரும் கதவு எண்ணும் சொல்லுங்க." ஒன்பது பேர் மோசடிக்காரி என்று நினைத்துப் பட்டென்று வைத்துவிட்டார்கள். இருபத்தெட்டாம் வீட்டம்மா, "பேங்க்ல எனக்குக் கணக்கே இல்லடி, போடி" என்று திட்டினார். தலைவர், "நான் தலைவர்மா" என்றார். "தெரியும் சார், பேரைச் சொல்லுங்க" என்றாள் இவள். வைத்துவிட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரில் நடந்தாள். இந்தத் தடவை மனிதர்கள் அறுபத்தொன்றும் சரி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஓட்டெடுப்பைப் போட்டாள். பன்னிரண்டுக்கு முடிவு. பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு, எங்களைத் தவிர யாரும் சேமிக்காத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது: "கேமரா வேண்டாம். வாட்ச்மேன் இருக்க வேண்டும்." உடனே பதினாலு பேர் வரிசையாக "யார் இது?" என்று கேட்டார்கள். அதில் ஒருவர் கான்ட்ராக்டர். "பதினோரு மாதம் கழித்துக் கேட்டதற்கு நன்றி. 41" என்று பதில் வந்தது.

என் மனைவி சமையலறை மேடையில் சாய்ந்தபடி போனைக் கையில் வைத்திருந்தாள். இன்னும் ஓட்டுப் போடவில்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"நாப்பத்தொண்ணு இல்லங்கறது எனக்குத் தெரியல. நோட்டுல கோடு போட்டு எழுதற எனக்குத் தெரியல. நீலச் சட்டைன்னு எழுதறவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு வெக்கமா இருக்குங்க" என்றாள். பிறகு வாட்ச்மேன் பக்கம் அழுத்தினாள். கண் கலங்கியதற்கான பழியை வெங்காயத்தின் மேல் போட்டாள், வெங்காயம் என்னிடம் இருந்தது. அன்றைக்கு அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முப்பத்திரண்டுக்கு இருபத்தொன்பது. முதல் வேலையாக சலூன்காரருக்கு முடிவை அனுப்பினாள். பிறகு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்குக் கிளம்பினாள். நானும் பின்னால் போனேன்.

விசில் எழுந்து நின்றார். செய்தி அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

"உங்க நம்பரைக் குடுங்க. உங்களையும் குரூப்புல சேத்துடறேன். எங்களுக்கெல்லாம் முன்னாடியே சேத்திருக்கணும். எப்படி விட்டுப் போச்சுன்னே தெரியல" என்றாள் என் மனைவி.

அவர் கொஞ்சம் தயங்கினார். கோபமெல்லாம் இல்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

"வேண்டாம்மா. நான் உள்ள இருந்தா, என்னை வெச்சுக்கறதா அனுப்பறதான்னு உங்களுக்கெல்லாம் பேசக் கஷ்டமா இருக்கும்."

அவள் திறந்த பேனாவை மூடினாள். நோட்டோடு இரண்டு பேரும் கேட்டருகில் நின்றுகொண்டே இருந்தோம்.